டியூஷன் முடிந்தும் நிற்காத ஆட்டோ டெபிட்

என் மகனின் ஆன்லைன் டியூஷனுக்கு மாதத் தவணையில் பணம் கட்டி வந்தோம். பன்னிரண்டு தவணையும் தீர்ந்து, வகுப்பும் முடிந்த பிறகு, அடுத்த மாதம் 5ஆம் தேதி வழக்கம்போல 3,200 ரூபாய் என் கணக்கிலிருந்து போய்விட்டது. டியூஷன் நிறுவனத்துக்குப் போன் செய்தால், "எங்க பக்கம் உங்க கணக்கு முடிஞ்சிடுச்சு மேடம்" என்றார்கள்.

வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த வரியை நிதானமாகப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. `ACH D` என்று தொடங்கி, அதற்குப் பிறகு இருந்தது ஒரு நிதி நிறுவனத்தின் பெயர். தவணையில் கட்டும் இந்த மாதிரிக் கட்டணம் பல நேரம் கடன்தான். நிதி நிறுவனம் டியூஷன்காரர்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, நம்மிடம் மாதாமாதம் வசூலிக்கும். அதற்காக நாம் கையெழுத்துப் போட்டுத் தரும் அனுமதிதான் மேண்டேட். அது என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நடத்தும் நாச் என்ற தானியங்கி வசூல் அமைப்பு வழியாக நம் வங்கியில் பதிவாகிறது. கடன் தீர்ந்தாலும் அந்தப் பதிவு தானாக அழியாது. அதில் எழுதிய கடைசித் தேதி வரை உயிரோடு இருக்கும்.

முதலில் நிதி நிறுவனத்திடம் மெயிலில் கேட்டு, பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கினேன். கூடவே நான் கையெழுத்திட்ட மேண்டேட் படிவத்தின் நகலையும் கேட்டேன். அதைப் பார்த்தபோது பகீரென்றது. தவணை 3,200 ரூபாய்தான். ஆனால் படிவத்தில் 'அதிகபட்சத் தொகை' என்ற கட்டத்தில் டிக் செய்து 10,000 ரூபாய் என்று எழுதியிருந்தது. முடிவுத் தேதியோ இன்னும் பல ஆண்டுகள் தள்ளி. அந்தத் தேதி வரை அவர்கள் கேட்கும்போதெல்லாம், பத்தாயிரத்துக்குள் எந்தத் தொகையையும் வங்கி என்னைக் கேட்காமல் கொடுக்கலாம்.

கிளையில் இருந்த அதிகாரி, "கம்பெனிதான் கேன்சல் பண்ணணும், எங்களால முடியாது" என்றார். இதே பதிலைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓர் உறுதிமொழி இருக்கிறது: இந்த மேண்டேட்டை ரத்து செய்யவோ திருத்தவோ நிறுவனத்திடமோ, பணம் எடுக்க அனுமதி கொடுத்த வங்கியிடமோ தெரிவிக்கலாம் என்று. அந்த வரியைக் காட்டினேன். படிவத்தின் தலைப்பிலேயே `CREATE`, `MODIFY`, `CANCEL` என்று மூன்று கட்டங்கள் இருப்பதையும் காட்டினேன். அதன் பிறகு பேச்சின் தொனி மாறியது.

ஆனால் அவர் முதலில் செய்யப் போனது 'ஸ்டாப் பேமென்ட்'. அது வரப்போகும் ஒரு தவணையை நிறுத்துவதோடு முடிந்துவிடலாம். மேண்டேட் அப்படியே இருக்கும். எனக்கு வேண்டியது மேண்டேட்டையே ரத்து செய்வது என்று கடிதத்தில் தெளிவாக எழுதினேன். கணக்கு எண், நிதி நிறுவனத்தின் பெயர், யு.எம்.ஆர்.என். ஆகிய மூன்றும் அதில் இருந்தன. யு.எம்.ஆர்.என். என்பது மேண்டேட்டுக்கு உரிய 20 எழுத்து எண். நெட் பேங்கிங்கில் மேண்டேட் பட்டியலிலும் கிடைக்கும். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு மேண்டேட் பதிவாகியிருந்தால் இந்த எண் இல்லாமல் எது ரத்தானது என்றே தெரியாது. சான்றிதழை இணைத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அடுத்த 5ஆம் தேதிக்கு நன்றாக முன்பே கொடுத்தது நல்லதாயிற்று. அன்றைய வசூல் பட்டியல் வங்கிக்கு வந்த பிறகு கொடுத்தால் அந்த மாதம் தப்பாது.

"அக்கவுண்ட்ல பணம் வைக்காத, தானா நின்னுடும்" என்று உறவினர் ஒருவர் சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பணம் இல்லாமல் திரும்பும் ஒவ்வொரு முறையும் வங்கி அபராதக் கட்டணம் பிடிக்கும், மேண்டேட்டும் போகாது. உண்மையிலேயே கடன் பாக்கி இருந்தால் இன்னும் மோசம். 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டத்தின் 25ஆவது பிரிவில், செக் திரும்புவதைப் போலவே இதுவும் குற்றம்.

சில நாளில் நெட் பேங்கிங்கில் அந்த எண்ணுக்கு நேராக `Cancelled` என்று வந்தது. அடுத்த 5ஆம் தேதி ஸ்டேட்மென்ட்டில் பணம் எடுத்ததாகவும் இல்லை, திரும்பியதாகக் கட்டணமும் இல்லை. கூடுதலாகப் போன 3,200 ரூபாயை வங்கி தர மறுத்தது. மேண்டேட் செல்லும் நிலையில் இருந்தபோது எடுத்த பணம் என்பது அவர்கள் வாதம். நிதி நிறுவனத்துக்குச் சான்றிதழையும் ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்து அனுப்பிய பிறகு அங்கிருந்து வந்தது. ரத்துக் கடிதத்துக்கு வங்கி அசையவில்லை என்றால், வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் `cms.rbi.org.in` தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் பதியலாம். அங்கே முதலில் கேட்பது அந்த முத்திரை போட்ட நகலைப் போன்ற ஆதாரத்தைத்தான்.