போட்டோவில் மட்டும் மிஞ்சிய ஒயரிங் பிளானைப் படித்த மூன்று ஞாயிறுகள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கீழ் வீட்டு ஹாலுக்குள்ளும் புகுந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து தெருவுக்குக் கரண்ட் வந்தும் எங்கள் வீட்டில் மெயினைப் போட முடியவில்லை. கீழே தரையோரம் இருக்கிற பிளக் பாயிண்டுகள் நனைந்து கிடந்தன. மெயினிலிருந்து வரும் கரண்டை வீட்டின் பகுதிகளுக்குப் பிரித்து அனுப்புகிற டிபி பெட்டியில், ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக அணைக்கிற எம்சிபி ஸ்விட்சுகள் ஆறு இருந்தன, அவற்றில் எது கீழ் வீடு, எது மாடி என்று யாருக்கும் தெரியாது. எலக்ட்ரீஷியன் அண்ணன் வரும்வரை இன்னும் ஒரு ராத்திரி மாடியில் பாட்டி விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

அப்பா வீடு கட்டியபோது போட்ட ஒயரிங் பிளான் ஒன்று பரணில் இருந்தது. அந்தத் தண்ணீரில் அதுவும் ஊறி மை கலைந்துபோனது. மிஞ்சியது, மாடியில் ஏசி மாட்டிய சமயத்தில் மச்சான் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்த இரண்டு போட்டோ. அதை வைத்து டிபிக்கு லேபிள் ஒட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று ஞாயிறு ஆனது.

முதல் ஞாயிறு முழுக்க குறியீட்டு அட்டவணையிலேயே போனது. பிளானின் வலது ஓரத்தில், எந்தக் குறி எந்தப் பொருள் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கும். இணையத்தில் கிடைக்கிற பொதுவான குறியீட்டுப் பட்டியலை வைத்துப் படிக்க ஆரம்பித்து அரை மணி நேரம் வீணாக்கினேன். வரைகிறவருக்கு வரைகிறவர் குறி கொஞ்சம் மாறும் என்பதால் அந்தத் தாளின் அட்டவணைதான் அந்தத் தாளுக்குச் சட்டம். எங்கள் தாளில் வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டால் லைட். அரை வட்டம் வெறுமையாக இருந்தால் 6 ஆம்ப் பிளக் பாயிண்ட், உள்ளே கறுப்பாக நிரப்பியிருந்தால் 16 ஆம்ப். (நம் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் இன்னும் 5, 15 என்றுதான் சொல்வார்கள், இரண்டும் அதே பாயிண்டுகள்தான்.) ஸ்விட்ச் என்பது சின்ன வட்டத்திலிருந்து சாய்வாக நீளும் ஒரு கோடு, அதன் நுனியில் ஒரு சின்ன வெட்டு. டூ-வே ஸ்விட்ச் என்றால் அதே கோடு வட்டத்தின் மறுபக்கமும் நீண்டு, அந்த நுனியிலும் ஒரு வெட்டு இருக்கும். இந்த வெட்டுக்கோடு தாளில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. என் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

அதற்கு முன் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்ச் போர்டிலிருந்து ஒவ்வொரு லைட்டுக்கும் வளைந்த புள்ளிக்கோடு போகும். ஒயர் அந்த வழியாகத்தான் சுவருக்குள் போகிறது என்று நினைத்து, சுவாமி படத்துக்கு ஆணி அடிக்க "கோடு இல்லாத" இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் பார்த்துத் தடுத்தார். "தம்பி, அந்த வளைஞ்ச கோடு ஒயர் போற வழி இல்லப்பா. எந்த ஸ்விட்ச் எந்த லைட்டுக்குன்னு காட்டத்தான் அது. பைப்பு போர்டுலேர்ந்து நேரா மேல போயிருக்கும்." நான் குறித்து வைத்த இடம் போர்டுக்கு நேர் மேலே. படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டோம்.

இரண்டாவது ஞாயிறு மாடிப்படி விளக்கில் மாட்டிக்கொண்டேன். பிளானில் படிக்கட்டின் மேலே ஒரு ஸ்விட்ச், கீழே ஹால் போர்டில் ஒரு ஸ்விட்ச், இரண்டிலிருந்தும் புள்ளிக்கோடு அதே லைட்டுக்குப் போகிறது. மேலே இருப்பது இரண்டு பக்கமும் வெட்டு உள்ள டூ-வே, தெளிவாகத் தெரிகிறது. கீழே இருப்பதில் ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டு. அப்படியானால் அது சாதாரண ஒரு-வழி ஸ்விட்ச். ஆனால் டூ-வே என்பது ஜோடியாகத்தான் இருக்க முடியும். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இரண்டு ஒயர் ஓடும். எந்த முனையில் தட்டினாலும் விளக்கு மாறும். ஒரு டூ-வே தனியாக நிற்கிறதென்றால் ஒன்று வரைந்தவர் தவறியிருக்க வேண்டும், இல்லை நான் தவறாகப் படித்திருக்க வேண்டும். என் வீட்டில் இரண்டு பக்கமும் தட்டினால் விளக்கு எரிகிறது. ஆக, தவறு என் கண்ணில்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாள் ஏ3 அளவு, அதாவது 420 மில்லிமீட்டர் அகலம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் அகலம் 1600 பிக்சல். வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு பிக்சல்கூட இல்லை. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பேனாக் கோட்டுக்கு ஒரே ஒரு பிக்சல். அது தாளின் மடிப்புக்குப் பக்கத்தில் இருந்தால் நிழலோடு நிழலாகக் கரைந்துவிடும். பெரிதாக்கிப் பார்த்தாலும் மங்கல்தான் பெரிதாகும், கோடு திரும்பி வராது.

மச்சானுக்குப் போன் போட்டேன். "அந்தப் பழைய போட்டோ எதுக்கு மச்சான் இப்ப?" என்றவர், நல்லவேளை அழிக்காமல் வைத்திருந்தார். இந்த முறை போட்டோவாக அனுப்பாமல் டாகுமெண்டாக அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது. வந்த அசல் 4000 பிக்சல் அகலம். அதே கோட்டுக்கு இப்போது இரண்டு பிக்சலுக்கு மேல் கிடைத்தது. கீழ் ஸ்விட்சின் குறியைப் பெரிதாக்கினேன். மடிப்புக் கோட்டை ஒட்டி, வட்டத்தின் மறுபக்கம் மெல்லிய ஒரு கோடும் அதன் நுனியில் அந்த வெட்டும் இருந்தன.

இந்தச் சின்ன வெட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று தோன்றலாம். மாடிப்படி லைட்டிலிருந்து டிபிக்குப் போகும் அம்புக்குறியில் "எல்3" என்று எழுதியிருக்கிறது. எல்3 மாடியின் லைட் சர்க்யூட். ஹாலின் மற்ற எல்லாமே எல்1. கீழ் ஸ்விட்சை ஒரு-வழி என்று நம்பியிருந்தால், ஹால் போர்டு முழுக்க எல்1 என்று லேபிள் ஒட்டியிருப்பேன். எல்1-ஐ அணைத்துவிட்டு ஈரமான போர்டைத் தைரியமாகத் திறந்திருப்போம். அது டூ-வே என்பதால், மாடியின் எல்3 ஒயர் இறங்கி வந்து ஹால் போர்டுக்குள் நிற்கிறது. மேல் ஸ்விட்சை எந்தப் பக்கம் வைத்தாலும் இடையில் ஓடும் அந்த இரண்டு ஒயரில் ஒன்றில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். ஒரே போர்டில் இரண்டு சர்க்யூட். பிளானில் அதைச் சொல்வது அந்த ஒற்றைக் கோடும் அம்புக்குறியும் மட்டும்தான்.

அதன் பிறகு எதையும் ஒரு தடவை பார்த்து நம்பவில்லை. இரண்டாவது போட்டோவில் இருந்த சர்க்யூட் அட்டவணையோடு ஒவ்வொன்றையும் எண்ணிச் சரிபார்த்தேன். எல்2 என்பது கீழ் படுக்கையறை, சமையலறை, பாத்ரூம். அட்டவணையில் 7 பாயிண்ட், 500 வாட் என்று இருக்கிறது. இந்த வாட் கணக்கு நாம் மாட்டுகிற பல்பின் உண்மையான வாட் அல்ல. வடிவமைக்கும்போது லைட்டுக்கு 60, ஃபேனுக்கு 60, 6 ஆம்ப் பிளக்குக்கு 100 என்று வைத்துக்கொள்ளும் வழக்கமான மதிப்பு. ஒரு லைட் சர்க்யூட்டில் 10 பாயிண்ட் அல்லது 800 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஒயரிங் விதியில் இருப்பதால்தான் இந்த அட்டவணையே போடுகிறார்கள். நான் எண்ணியது: லைட் 4, அதற்கு 240. ஃபேன் 1, அதற்கு 60. பிளக் 3, அதற்கு 300. மொத்தம் 8 பாயிண்ட், 600 வாட். ஒரு பாயிண்ட் அதிகம், 100 வாட் அதிகம். இரண்டு வித்தியாசமும் ஒரே பொருளைக் காட்டின: நான் 6 ஆம்ப் பிளக் என்று எண்ணியதில் ஒன்று எல்2-வைச் சேர்ந்ததில்லை.

மூன்றையும் பெரிதாக்கினேன். படுக்கையறையில் பீரோ நிற்கிற சுவரில் இருந்த அரை வட்டம் மட்டும் கொஞ்சம் வித்தியாசமாகப் பட்டது. மற்ற இரண்டின் உள்ளே தாளின் பழுப்பு நிறம். இதன் உள்ளே வெள்ளை. தாளைவிட வெளுப்பாக ஒரு குறி இருக்க வழியே இல்லை. மச்சான் பாலிதீன் கவரோடு வைத்தே படம் எடுத்திருக்கிறார், ட்யூப்லைட்டின் பளபளப்பு சரியாக அந்தக் குறியின் மேல் விழுந்திருக்கிறது. கறுப்பாக நிரப்பிய அரை வட்டம் வெளுத்துப்போய் விளிம்பு மட்டும் மிஞ்சி, வெறும் அரை வட்டம் போலத் தெரிகிறது. அப்படியானால் அது 16 ஆம்ப். படுக்கையறை ஏசி பாயிண்டுக்கு வைத்திருக்கிற பி2 சர்க்யூட்டின் எண்ணிக்கையைப் பார்த்தேன். அட்டவணையில் 2 பாயிண்ட், என் எண்ணிக்கையில் 1. இடம் கிடைத்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு காலை நானும் தம்பியும் பீரோவை நகர்த்தினோம். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், ஒட்டடை படிந்த பெரிய மூன்று துளை பிளக். மிக்ஜாம் தண்ணீரின் பழுப்புக் கோடு சுவரில் அதற்கு மேலே இருந்தது. அந்த வாரம் நாங்கள் எல்லோரும் எல்2-வை மட்டும் தேடிப்பிடித்து அணைத்திருந்தால், பி2 ஓடிக்கொண்டே இருந்திருக்கும். ஏசி ஓடவில்லையே என்று யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு பிளானை வீட்டோடு ஒப்பிட்டோம். வீடு கட்டி முடிந்த பிறகு பாயிண்டுகளை மாற்றியிருக்கலாம், பிளான் அதைச் சொல்லாது. தம்பி டிபியில் ஒவ்வொரு எம்சிபியாக இறக்கினான், நான் ஒரு டேபிள் லேம்ப்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பிளக்காகச் செருகிப் பார்த்தேன். டெஸ்டரை மட்டும் நம்பவில்லை. பக்கத்தில் வேறு ஒயர் ஓடினாலே அது மங்கலாக மின்னும். 16 ஆம்ப் பிளக்குகளுக்கு அண்ணனிடமிருந்து டெஸ்ட் லேம்ப் வாங்கி வந்தேன். பீரோ பின்னாலிருந்த பிளக் பி2-வை இறக்கியதும் அணைந்தது. சமையலறையில் மட்டும் பிளானில் இல்லாத ஒரு பிளக் இருந்தது, மிக்சிக்காக அம்மா பின்னால் போடச்சொன்னது. அது பி1 சர்க்யூட்டில் எரிந்தது. அதை என் பிரதியில் சிவப்பு மையில் சேர்த்தேன்.

கடைசியாக எல்1, எல்2, பி1, பி2 நான்கையும் இறக்கினோம். கீழ் வீடு முழுக்க இருட்டு. ஹால் போர்டில் ஒரு ஸ்விட்சுக்கும் பதில் இல்லை, ஒன்றைத் தவிர. அதைத் தட்டினேன், மாடிப்படி விளக்கு எரிந்தது. அந்த போர்டின் மேல் "எல்3-ம் உள்ளே வருகிறது, இரண்டையும் இறக்கு" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். மேலே பாட்டி ஃபேன் காற்றில் தூங்கிக்கொண்டிருந்தார்.