மடுவத்து ஏற்றமும் இரண்டு மோட்டாரும்

ஜூன் 4, தலவாக்கலை

தேயிலைக் கொழுந்துச் சாக்கை மலையிலிருந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏற்றிக்கொண்டு போக ஒரு சின்ன ரோபோ வண்டி செய்கிறோம். வண்டி 20 கிலோ, கொழுந்து 20 கிலோ, ஆக மொத்தம் 40. மோட்டார் வாங்குவதற்கு முன் பாதையை அளந்தாக வேண்டும்.

ஏற்றம் முப்பது பாகை இருக்கும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நடக்கிற காலுக்கு அப்படித்தான் தெரியும். ஒரு மீட்டர் சட்டத்தை ரசமட்டம் வைத்துக் கிடையாகப் பிடித்து, அதன் நுனியிலிருந்து தரைவரை அளந்தோம். மிகச் செங்குத்தான இடத்தில் 21 சென்டிமீட்டர், அதாவது 12 பாகை. கணக்குக்கு அந்த இடம்தான் வேண்டும், பாதையின் சராசரி அல்ல.

அடுத்தது உருளல் தடை. மடுவத்துக்கு முன்னால் சமமான மண் தரை இருக்கிறது. சுமை ஏற்றிய வண்டியில் கயிறு கட்டி, தொங்கு தராசைக் கோத்து மாமா மெதுவாக இழுத்தார். நகரத் தொடங்கும்போது முள் மூன்றைத் தாண்டியது, சீராக ஓடும்போது 2 கிலோவில் நின்றது. "எதைத் தம்பி எழுதுறது?" என்று கேட்டார். ஓடும்போது காட்டியதைத்தான். 2-ஐ 40-ஆல் வகுத்தால் 0.05, இதுதான் உருளல் தடைக் குணகம் Crr. மோட்டார் பூட்டாமல், சக்கரம் தானாக உருளும் நிலையில் இழுத்ததால் இது பாதையின் தடை மட்டுமே.

ஜூன் 6

இரவில் கணக்கைப் போட்டேன்.

```
F = m·g·sinθ + Crr·m·g·cosθ + m·a
```

முதல் உறுப்பு சரிவு: 82 நியூட்டன். இரண்டாவது உருளல் தடை: 19. மூன்றாவது வேகமெடுப்பு. 0.8 மீ/வி வேகத்தை மூன்று விநாடிக்குள் எட்டினால் போதும் என்பதால் முடுக்கம் 0.3 மீ/வி², அதற்கு 12 நியூட்டன். கூட்டினால் 113.

சமவெளிக்காரர்கள் வேகமெடுப்பைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். இங்கே நான்கில் மூன்று பங்கு விசை சரிவுக்கே போகிறது. அதுவும் ஏற்றம் முடியும்வரை குறையாது.

சக்கரத்தின் ஆரை 10 சென்டிமீட்டர். ஆகவே மொத்த முறுக்குவிசை 11.3 நியூட்டன் மீட்டர், இரண்டு மோட்டாருக்கும் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 5.6. சீராக ஏறும்போது 5. சக்கரம் நிமிடத்துக்கு 76 சுற்று சுற்ற வேண்டும்.

ஜூன் 9

கடைக்காரர் "6 நியூட்டன் மீட்டர் மோட்டார் இருக்கு, போதும்" என்றார். தாளைப் பார்த்தால் அந்த 6, சக்கரம் நின்றுபோகும் நிலையில் வரும் முறுக்குவிசை. அந்த நிலையில் முறுக்கம் முழுக்க இருக்கும், வேகம் சுழி. மின்னோட்டமும் உச்சத்தில் இருக்கும், சுருள் வெந்துவிடும்.

கியர் மோட்டாரில் நெடுநேர வேலைக்கு, அந்த நிற்கும் நிலை முறுக்குவிசையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கேட்கக் கூடாது என்பது நான் வைத்துக்கொள்ளும் அளவு. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதுதான் காரணம். சீராக ஏறவே 5 வேண்டும், ஆக நிற்கும் நிலையில் எங்களுக்குத் தேவை 20 நியூட்டன் மீட்டர். அந்தச் சுமையில் வேகம் வெறும் ஓட்டத்தின் முக்கால் பங்காக இறங்கும், அதனால் வெறும் ஓட்டத்தில் 102 சுற்றாவது இருக்க வேண்டும். 24 வோல்ட்டில் அப்படி ஒன்று கிடைத்தது. விலை கூடத்தான், ஆனாலும் வாங்கினேன்.

ஜூன் 15

மூன்று நாளாக விடாத மழை. ஈர மண்ணில் ரப்பர் சக்கரத்தின் பிடிப்பு 0.4 என்று வைத்துக்கொண்டேன். வண்டியின் பாதி எடைதான் ஓட்டும் சக்கரங்களில் இருக்கிறது. அப்படியானால் தரை தாங்கக்கூடிய விசை 77 நியூட்டன் மட்டுமே. தேவையோ 113. எவ்வளவு பெரிய மோட்டாரைப் போட்டாலும் சக்கரம் சும்மா சுற்றும்.

எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓட்டும் சக்கரங்கள்மேல் விழ வேண்டும். ஏற்றத்தில் எடை பின்னுக்குச் சாயும், ஓட்டும் சக்கரங்களும் பின்னால்தான் இருக்கின்றன. எனவே சாக்குத் தட்டைப் பின்னுக்குத் தள்ளி, பற்றரியையும் அச்சுக்கு மேலே கொண்டுவந்தோம். இனி முன்சக்கரம் தூக்கிக்கொள்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

ஜூன் 24

இன்று முழுச் சுமையோடு ஏற்றினோம். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு அம்மீட்டர். செங்குத்தான இடத்தில் 3.5 ஆம்பியர் வரை போனது, மேலே மடுவத்து வாசலில் தொட்டுப் பார்த்தபோது மோட்டார் இளஞ்சூடாக இருந்தது. ஓரிடத்தில் வண்டி நின்றது. மீட்டர் குறைவாகக் காட்டியது, சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் வழுக்கல். சக்கரம் நின்று மீட்டர் எகிறியிருந்தால்தான் மோட்டாருக்குப் பலம் போதவில்லை என்று பொருள். பாசி பிடித்த கல் அது. தம்பி மண்வெட்டியால் சுரண்டிவிட்டதும் ஏறிவிட்டது.

இறக்கம் இன்னும் பாக்கி. அங்கே உருளல் தடை நமக்கு உதவும், ஆனாலும் 62 நியூட்டன் வண்டியைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். இந்தக் கியரைச் சக்கரப் பக்கமிருந்து கையால் திருப்பினாலே சுற்றுகிறது, அதனால் மின்சாரம் போனால் வண்டி நிற்காது. மின்சாரம் போனதும் தானாகப் பிடிக்கும் காந்தப் பிரேக் ஒன்று வந்த பிறகுதான் சுமையோடு இறக்குவோம்.