சம்பளம் வந்தது, ஒப்பந்தம் வரவில்லை: தம்பியின் எஸ்எல்டிஎன் அனுபவம்

எங்கள் தம்பி எஸ்பிஎம் முடித்ததும், பகாவ் பக்கத்தில் இருக்கும் ஒரு தொழிற்சாலையில் எஸ்எல்டிஎன் திட்டத்தின்கீழ் இயந்திரப் பராமரிப்புப் பயிலுநராகச் சேர்ந்தான். விண்ணப்பம், நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தன. சம்பளமும் ஒழுங்காக வந்தது. அதனால்தான் உள்ளே இருந்த குறை எங்களுக்கு வெகுநாள் தெரியவில்லை.

2005-இல் தொடங்கிய இந்தத் தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலும், எஞ்சியது பயிற்சி மையத்திலும் நடக்கிறது. வாரத்தில் ஓரிரு நாள் மையத்துக்குப் போவது ஒரு வகை. சில வாரங்கள் சேர்ந்தாற்போல் அங்கேயே தங்கிப் படிப்பது இன்னொரு வகை. தோட்டத்திலிருந்து தினமும் போய்வர முடியாது என்பதால் தம்பிக்கு இரண்டாவது வகையைச் சொன்னார்கள். அப்பா காலை ஷிஃப்டுக்கு விடுப்புப் போட்டு, பெட்டி படுக்கையோடு அவனை அழைத்துப் போனார். மையத்தின் பட்டியலில் அவன் பெயரே இல்லை. “கம்பெனி பதிவு செய்த பயிலுநர்களை மட்டும்தான் நாங்கள் சேர்த்துக்கொள்ள முடியும்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் தொழிற்சாலை அலுவலகத்துக்கு நானும் போனேன். அங்கிருந்த கிராணி கோப்பைத் திறக்காமலேயே, “சம்பளம் மாசா மாசம் வருதில்ல, அப்புறம் என்னம்மா பிரச்சினை?” என்று கேட்டார். பிரச்சினை என்னவென்று தம்பியின் பணி நியமனக் கடிதத்தை நிதானமாகப் படித்தபோதுதான் புரிந்தது. அதில் ‘பிராக்டிகல் பயிற்சி மாணவர்’ என்று இருந்ததே தவிர, பயிலுநர் என்ற சொல்லே இல்லை. எந்தத் தொழிலுக்கு, எந்த நிலை எஸ்கேஎம் சான்றிதழுக்குப் பயிற்சி என்பதும், எந்த மையம் என்பதும் இல்லை. திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகேயில் அவனைப் பதிவு செய்யவே இல்லை. வாயால் மட்டும் எஸ்எல்டிஎன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சட்டப்படி முதலாளியும் பயிலுநரும் கையொப்பமிட்ட ஒப்பந்தம்தான் இந்தத் திட்டத்தின் அடிப்படை. தம்பிக்கு அப்போது 18 வயது ஆகவில்லை என்பதால் அப்பாவின் கையொப்பமும் தேவைப்பட்டிருக்கும். அப்படி எதிலும் கையெழுத்துப் போடச் சொல்லி அவரை யாரும் அழைக்கவே இல்லை என்பதே எங்களுக்கு முதல் அறிகுறியாக இருந்திருக்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் இதை மட்டுமாவது கவனியுங்கள்: உங்கள் வீட்டில் ஒப்பந்தத்தின் நகல் ஒன்று இருக்கிறதா?

தம்பியின் வேலைக் குறிப்பேடு இன்னொரு அத்தாட்சி. பம்ப்பின் சீல் மாற்றியது, டயல் கேஜ் வைத்து மோட்டாரும் பம்ப்பும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தது என, கிரீஸ் படிந்த பக்கங்களில் அவன் ஆசையாக எழுதியிருந்தான். ஆனால் மேற்பார்வையாளர் கையொப்பமிடும் இடம் பக்கத்துக்குப் பக்கம் காலியாகவே கிடந்தது. பொறுப்பான பயிற்றுநர் என்று அவனுக்கு யாரையும் நியமிக்கவில்லை. யாருக்குக் கை குறைகிறதோ அங்கே அனுப்பினார்கள். பயிற்சி, தேசியத் தொழில் திறன் தரத்தில் உள்ள வேலைகளின் வரிசைப்படி நடக்க வேண்டும். மூட்டை தூக்குவதும் தரை கூட்டுவதும் அந்த வரிசையில் வராது.

நான் அதிகம் கலங்கியது சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ விஷயத்தில்தான். பயிலுநர் ஒப்பந்தத்தில் இருப்பவரும் சட்டப்படி அதன் பாதுகாப்புக்குள் வருகிறார். வேலையிடத்து விபத்து மட்டுமல்ல, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தும் அதில் அடங்கும். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் இருட்டில் மோட்டார்சைக்கிள் ஓட்டிப் போகிற பிள்ளைக்கு அது எவ்வளவு அவசியம்! சம்பளச் சீட்டில் அதற்கான பிடித்தம் எதுவுமே இல்லை. சீட்டை வாங்கியதும் தொகையை மட்டும் பார்க்காமல், பிடித்தப் பகுதியையும் பாருங்கள்.

ஜேபிகே வட்டார அலுவலகத்துக்குக் கடிதம், சம்பளச் சீட்டுகள், குறிப்பேடு மூன்றையும் நகலெடுத்துக்கொண்டு போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகப் பார்த்து, நிறுவனத்தை அழைத்துப் பேசினார். அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தது: ஒப்பந்தம் வந்தது, அப்பா கையொப்பமிட்டார், பயிற்றுநராக ஒரு மூத்த பிட்டர் நியமிக்கப்பட்டார், பெர்கேசோ சந்தாவும் கட்டத் தொடங்கினார்கள்.

ஆனால் முன்பு உழைத்த மாதங்கள் பயிற்சிக் கணக்கில் ஏறவில்லை. தம்பி புதிதாகத்தான் தொடங்கியிருக்கிறான். கையெழுத்திடுமுன் நாங்கள் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னோம்: மையத்தில் தங்கிப் படிக்கும் வாரங்களிலும் உதவித்தொகை நிற்கக் கூடாது. முதலில் வந்த நகலில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கேட்டதும் மறுக்காமல் எழுதிக் கொடுத்தார்கள்.