வங்கி உத்தரவாதப் பதிவேடு: கடைசிப் பத்தியிலிருந்து தொடங்கினேன்

கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் நான் கணக்குப் பார்க்கும் தொழிற்சாலைக்கு இயந்திரங்களும் உதிரிபாகங்களும் பெரும்பாலும் கோயம்புத்தூரிலிருந்து வருகின்றன. அதனால், சப்ளையர் தவறினால் தொகையைத் தருவதாக வங்கி எழுதிக்கொடுத்து எங்களிடம் சேரும் வங்கி உத்தரவாதங்களும் மாநில எல்லையான வாளையாருக்கு அப்பால் உள்ள கிளைகள் கொடுத்தவையே. அவற்றுக்கெல்லாம் ஒரே பதிவேடு தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

பழைய பதிவேட்டில் ‘கடைசித் தேதி’ என்று ஒரே ஒரு நெடுவரிசைதான் இருந்தது. உத்தரவாதத்தில் தேதிகள் இரண்டு. முதலாவது, உத்தரவாதம் செல்லுபடியாகும் நாள். அதற்குள் சப்ளையர் தவறினால்தான் வங்கி பொறுப்பேற்கும். இரண்டாவது, அந்தத் தவறுக்கான கோரிக்கைக் கடிதம் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டிய நாள். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால், கேட்க உரிமை இருக்கும்போதே ‘முடிந்துவிட்டது’ என்று கோப்பை மூடிவிடுவோம்.

இந்த விவரங்களை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் முக்கியம். நம் நாட்டு வங்கிகள் தரும் உத்தரவாதத்தின் கடைசியில் ‘மேலே என்ன கூறப்பட்டிருந்தாலும்’ என்ற பொருளில் ஒரு பத்தி வரும். வங்கியின் பொறுப்பு எவ்வளவு தொகைக்கு, எந்த நாள்வரை செல்லும், எந்த நாளுக்குள் எழுத்துமூலம் கோர வேண்டும் என்று அதில் மூன்று வரிகள் இருக்கும். முன்னால் உள்ள பத்திகளோடு அது முரண்பட்டால் இந்தப் பத்தியே நிற்கும். ஆகவே அதை முதலில் படித்து எழுதிக்கொண்டு, பிறகு மேலிருந்து முழுவதையும் படித்து ஒப்பிட்டேன். ஒவ்வொரு விவரத்தின் பக்கத்திலும் பக்க எண்ணையும் அந்த வாசகத்தையும் அப்படியே எழுதினேன். தொகையை எண்ணிலும் எழுத்திலும் பார்த்தேன். இரண்டும் வேறுபட்டால் நாமே ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் வங்கியிடம் திருத்தம் கேட்பதே சரி.

சரக்கு ஒப்பந்தப்படி செயல்படும் என்பதற்காகத் தரப்பட்ட ஒரு செயல்திறன் உத்தரவாதம் என்னை நிறைய யோசிக்க வைத்தது. தொகை 9,20,000 ரூபாய், செல்லும் நாள் 15.04.2024. நடுப்பத்தியில் ‘முடிந்த ஆறு மாதத்துக்குள் கோரலாம்’ என்று இருந்தது. கடைசிப் பத்தியிலோ 15.07.2024க்குள் கோர வேண்டும் என்று இருந்தது. நடுப்பத்தியை நம்பினால் அக்டோபர்வரை நேரம் இருப்பதாகத் தோன்றும். நான் ஜூலையையே பதிந்தேன்.

அந்த உத்தரவாதத்தோடு ஒரு நீட்டிப்புக் கடிதமும் இருந்தது. செல்லும் நாள் 15.10.2024 ஆக மாற்றப்படுகிறது, மற்ற நிபந்தனைகளில் மாற்றம் இல்லை என்பதுதான் அதன் வாசகம். அப்படியானால் கோரும் நாள் ஜூலையிலேயே நிற்கிறது. உத்தரவாதம் உயிரோடு இருக்கும்போதே கோரும் காலம் முடிந்துவிடுகிறது. கோரும் நாளும் தானாகவே நீளும் என்று சொன்னவர்கள் உண்டு. கடிதத்தில் இல்லாததை நாம் கூட்டிப் படிக்க முடியாது. பதிவேட்டில் முந்தைய தேதியையே வைத்துக்கொண்டு, சப்ளையர் மூலம் வங்கிக்கு எழுதினோம். கோரும் நாள் 15.01.2025 என்று திருத்தம் வந்தது. அதே திருத்தம் வங்கிகளுக்கிடையிலான செய்திப் பரிமாற்ற அமைப்பான எஸ்.எஃப்.எம்.எஸ். வழியாகவும் எங்கள் வங்கிக்கு வந்திருக்கிறதா என்று கேட்டு, இரண்டிலும் தேதி ஒன்றுதான் என்று பார்த்த பிறகே பதிவேட்டை மாற்றினேன். பழைய வரியை அழிக்கவில்லை. திருத்தத்தைப் புது வரியாகச் சேர்த்தேன். எந்தத் தேதி எந்தக் கடிதத்திலிருந்து வந்தது என்று பிறகு யார் பார்த்தாலும் தெரிய வேண்டும்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 ஜனவரி 14, 15, 16 மூன்று நாளும் பொங்கல் விடுமுறை. கோயம்புத்தூர் கிளை திறந்திருக்காது. கஞ்சிக்கோட்டில் எங்களுக்கு வேலைநாள். கோரிக்கை கிளையின் கையில் சேர வேண்டும், தபாலில் போட்ட நாள் கணக்கில் வராது. ஆக உண்மையில் கடைசி நாள் 13ஆம் தேதி, திங்கட்கிழமை. இதற்காகக் கிளை உள்ள மாநிலம், அந்த மாநில விடுமுறையைக் கழித்துவிட்டு நாம் செயல்பட வேண்டிய நாள் என்று பதிவேட்டில் இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்தேன். ஓணத்துக்கு இது தலைகீழாகும். கேரளக் கிளைகள் மூடியிருக்கும், கோயம்புத்தூர் திறந்திருக்கும்.

கோரும் காலம் எப்படியும் ஓராண்டு இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 28ஆம் பிரிவின் மூன்றாவது விதிவிலக்கு ஓராண்டைக் குறிப்பிடுவது உண்மைதான். ஆனால் அது நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்டும் காலத்தைப் பற்றியது, வங்கியிடம் கோரும் காலத்தைப் பற்றியதல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் கூறியது. ஆகவே தாளில் மூன்று மாதம் என்றிருந்தால் பதிவேட்டிலும் மூன்று மாதமே எழுதுகிறேன்.

மேலே சொன்ன உத்தரவாதத்தில் டிசம்பர் மாதமே, ‘நீட்டியுங்கள், இல்லையேல் தொகையைச் செலுத்துங்கள்’ என்று கிளைக்குக் கடிதம் கொடுத்து, தேதியிட்ட முத்திரையுடன் நகல் வாங்கினோம். ஜனவரி முதல் வாரத்தில் அடுத்த நீட்டிப்பு வந்தது. இந்த முறை செல்லும் நாளும் கோரும் நாளும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தன.