7.8 என்பது ஜெர்மனியில் எவ்வளவு?

தமிழ்நாட்டில் பொறியியல் படித்து 10-க்கு 7.8 தரப்புள்ளி பெற்ற நான், அந்த எண்ணை அப்படியே எழுதி ஜெர்மனியில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது, அது என்ன அளவுகோல் என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. அங்கே 1 என்பதே மிக உயர்ந்த மதிப்பெண், 4 தேர்ச்சியின் எல்லை, 5 தோல்வி. எண் கூடக்கூடத் தரம் குறைகிற ஊரில் 7.8-க்குப் பொருளே இல்லை.

திருத்திய பவேரிய வாய்ப்பாடு என்ற கணக்கு இதற்கு உதவுகிறது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து நம் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3-ஆல் பெருக்கி 1 கூட்ட வேண்டும். எங்கள் தேர்ச்சி எல்லை 5 என்பதால் 2.2-ஐ 5-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கி 1 கூட்டினேன், விடை 2.3, அதாவது அவர்கள் ‘நன்று’ என்னும் வகை. எல்லையை 4 என்று தவறாகக் கொண்டிருந்தால் 2.1 வந்திருக்கும் (ஆசையாகத்தான் இருந்தது). ஆகவே மதிப்பெண் பட்டியலின் பின்புறம் அச்சிட்டுள்ள தர விளக்கத்தையும் நகலெடுத்து இணைத்தேன்.

பட்டத்துக்குள்ள ஏற்பு வேறு கேள்வி. அதற்கு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் பட்டங்களையும் ஜெர்மனி எப்படி மதிப்பிடுகிறது என்று காட்டும் அனபின் தரவுத்தளத்தில் என் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே, அங்கீகாரம் உண்டு என்பதைக் காட்டும் H+ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தையும் அச்செடுத்து அனுப்பினேன்.