‘விருப்பம்’ என்று பதில் போடுவதற்கு முன் கேட்ட கேள்விகள்

கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் நிரந்தரமாக வேலை செய்கிறேன். கொழும்பிலிருந்து ஆட்சேர்ப்பு முகவர் நிறுவனம் ஒன்றின் பெண் வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். “வன்னியில் ஒரு திட்டத்துக்கு நிதி உத்தியோகத்தர் தேவை. மாதம் 90,000. லோங் டேர்ம். விருப்பமா?”

என் சம்பளம் 72,000. ஆனாலும் உடனே ‘விருப்பம்’ என்று போடவில்லை. அப்படிப் போட்டால் சிவி அடுத்த நிமிடமே நிறுவனத்துக்குப் போய்விடும், பிறகு பேச்சு நேர்முகத் தேர்வுத் திகதியைப் பற்றியதாகிவிடும். லோங் டேர்ம் என்றால் எது என்று அதில் தெரியவில்லை. இங்கே திட்ட வேலைகள் நிதி வரும் வரைக்கும்தான்.

“இது நிரந்தரமா?” என்று கேட்டால் “அப்படித்தான்” என்று பதில் வரும். அதனால் இப்படி எழுதினேன்:

“வணக்கம் மிஸ். நியமனக் கடிதம் தருவது யார், நிறுவனமா நீங்களா? அதில் முடிவுத் திகதி இருக்குமா? ஆறு மாதம் என்று இருந்தால் அது தகுதிகாண் காலமா, ஒப்பந்தக் காலமா? ஈ.பி.எப், ஈ.டி.எப் கட்டுவார்களா?”

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு வருட ஒப்பந்தம் என்றாலும், சம்பளத்துக்கு ஆள் எடுத்தால் ஈ.பி.எப் கட்டியாக வேண்டும். அது இல்லை என்றால் நம்மை ஊழியராக எடுக்கவில்லை, வெளியாளாகத்தான் எடுக்கிறார்கள். முடிவுத் திகதி இருக்கிறதா என்பதை வைத்து ஒப்பந்தத்தையும் நிரந்தரத்தையும் பிரித்துவிடலாம்.

பின்னேரம் பதில் வந்தது. “12 மாதம், நிதி கிடைத்தால் நீடிக்கலாம். கன்சல்டன்சி அடிப்படை, மாதாமாதம் இன்வொய்ஸ் கொடுக்க வேண்டும்.” ஈ.பி.எப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திரும்பக் கேட்டேன். “இல்லை, எல்லாம் அந்த 90,000க்குள்தான்” என்றார். ஆக, இது ஃப்ரீலான்ஸ்.

சரி, கணக்குப் பார்த்தேன். ஊழியராக இருந்தால் 90,000க்கு முதலாளி ஈ.பி.எப் 12 வீதமாக 10,800, ஈ.டி.எப் 3 வீதமாக 2,700 தன் கையால் போட வேண்டும். மாதம் 13,500 இங்கே இல்லை. என் 72,000க்கு இப்போதே 10,800 போடுகிறார்கள். அப்படியென்றால் 18,000 கூட என்று தெரிந்தது, உண்மையில் 7,200தான்.

இன்னொன்று பணிக்கொடை. 15 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். எனக்கு ஐந்தாவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. முடித்தால் 1,80,000, முன்னமே விலகினால் அது கிடையாது.

அவருக்குத் தெளிவாகவே எழுதினேன். “இந்த அடிப்படையில் என் சிவியை அனுப்ப வேண்டாம். ஈ.பி.எப்புடன் ஒப்பந்த நியமனமாக மாற்ற நிறுவனம் சம்மதித்தால் பேசலாம். பதிலை மின்னஞ்சலில் தாருங்கள்.” கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது: நிறுவனம் மாற்றவில்லை. வேறு நிரந்தர வேலை வந்தால் அறிவிப்பதாகவும் எழுதியிருந்தார்.