பேட்டியை எடுத்துவிட்டால் எந்த வரி மாறும்?

சேலத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாணவிகளின் ஆய்வுத் திட்டங்களைப் பார்த்து ஒப்புதல் தரும் குழுவிலும் என் பெயர் உண்டு. போன வருஷம் ஒரு ஃபைலை என் மேஜையில் வைத்துவிட்டு, "இது கலப்பு முறை மேடம், நீங்கதான் அதுல தீசிஸ் பண்ணீங்க, நீங்களே பாத்துடுங்க" என்றார்கள். எண்களையும் பேட்டிகளையும் ஒரே ஆய்வில் சேர்ப்பதுதான் கலப்பு முறை. அதில் என் தீசிஸ் எப்படித் தப்பித்தது என்பது எனக்குத்தான் தெரியும். வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பேட்டி அத்தியாயத்தைக் கிழிச்சுப் போட்டா உங்க முடிவுரையில எந்த வரி மாறும்?" எந்த வரியும் மாறாது. கருத்துக்கணிப்பு ஒரு அத்தியாயம், பேட்டி ஒரு அத்தியாயம், கடைசியில் "இரண்டும் ஒத்துப்போகின்றன" என்று ஒரு பத்தி. பாஸ் போட்டார், ஆனால் அந்தக் கேள்வி என்னோடேயே வந்துவிட்டது.

வந்த ஃபைல் ஏற்காடு காபித் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. ரத்தசோகை உள்ளவர்களுக்கு மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது, முன்னும் பின்னும் ஹீமோகுளோபின் பார்ப்பது, எத்தனை மாத்திரை சாப்பிட்டார்கள் என்று எண்ணுவது. இது எண் பகுதி, 160 பேர். கூடவே 20 பேரிடம் பேட்டி. ஏன் இரண்டும் என்பதற்கு ஆய்வு செய்யும் மாணவி எழுதியிருந்த காரணம்: "முழுமையான புரிதலுக்காக."

இந்த வரியைப் பார்த்தாலே இப்போது எனக்குப் பேனா நின்றுவிடும். முழுமையான புரிதல் யாருக்குத்தான் வேண்டாம்? அதை எந்த ஆய்வின் தலையில் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒரு பகுதி தனியாகப் போனால் எந்த இடத்தில் முட்டி நிற்கும், அந்த இடத்தை மற்றது எப்படித் திறக்கும் என்று எழுதினால்தான் அது காரணம். நான் எடுத்துச் செய்தது எளிய வேலை. அவளுடைய ஆய்வுக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தத் தரவு பதில் சொல்லும் என்று குறித்தேன். "ஹீமோகுளோபின் ஏறியதா?" எண். "ஒழுங்காகச் சாப்பிட்டார்களா?" எண். "ரத்தசோகை பற்றி என்ன நினைக்கிறார்கள்?" பேட்டி. இரண்டும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுகூட இல்லை. ஒரே அட்டைக்குள் இரண்டு ஆய்வுகள் இருந்தன, அவ்வளவுதான்.

கூப்பிட்டுப் பேசினேன். "மூணு மாசம் ஒழுங்கா மாத்திரை போட்டும் ஒருத்தருக்கு ஏறலைன்னு வை. உன் எண் என்ன சொல்லும்?"

"ஏறலைன்னு சொல்லும் மேடம்."

"ஏன்னு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதைப் பேட்டில கேக்கலாம்" என்றாள். யாரிடம் கேட்பாய் என்றேன். அங்கேதான் திட்டம் உடைந்தது. அவள் பேட்டியை முதல் மாதத்திலேயே, எண் வேலை நடக்கும்போதே, லைன் வீடுகளில் அன்றைக்கு யார் இருக்கிறார்களோ அவர்களிடம் எடுப்பதாக எழுதியிருந்தாள். அந்த 20 பேரில் ஏறாதவர் யார், ஏறியவர் யார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பேட்டித் தாளில் அடையாள எண்ணும் கிடையாது, பின்னால் பொருத்திப் பார்க்கவும் வழியில்லை. திட்டத்தில் "ட்ரையாங்குலேஷன் செய்யப்படும்", அதாவது ஒரு தரவை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்போம், என்று மட்டும் இருந்தது. எந்தத் தரவை எந்தத் தரவோடு, எப்போது, யார் என்று இல்லை. கலப்பு முறைத் திட்டங்களில் பெரும்பாலும் ஓட்டை இந்த இடத்தில்தான் இருக்கும். கடைசியில் எப்படியாவது சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். சேர்ப்பதற்கான வழியை ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போதே வைக்கவில்லை என்றால் கடைசியில் சேர்க்க ஒன்றும் இருக்காது.

சரி, என்ன செய்யலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். எண் முதலில், பேட்டி பிறகு. மூன்றாம் மாதச் சோதனை முடிந்ததும் பெண்களை மூன்று கூட்டமாகப் பிரிப்பது: ஒழுங்காகச் சாப்பிட்டு ஏறியவர்கள், ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறாதவர்கள், ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள். ஒவ்வொன்றிலும் எட்டுப் பேரிடம் பேட்டி. எண்ணின் முடிவுதான் பேட்டிக்கு ஆளைப் பொறுக்கித் தருகிறது. அவள் முகம் வாடியது. சோதனை நவம்பரில் முடியும், அதன்பிறகு பழம் பறிக்கும் காலம், பகலில் ஒருத்தரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். சாயங்காலம் போய்த்தான் ஆகவேண்டும், கடைசி பஸ்ஸையும் பார்க்க வேண்டும். நியாயமான புகார்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போவதாக முடிவானது.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே முதலில் கோட்டைவிட்டேன். இணைப்பைப் பார்க்கிற மும்முரத்தில் ஒவ்வொரு பகுதியும் தன் காலில் நிற்கிறதா என்று பார்க்க மறந்துவிடுவோம். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை என்று எடுத்திருந்தாள். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். உயரத்தில் வாழ்கிறவர்களுக்கு உடம்பே ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளும், அதனால் அளவிலிருந்து ஒரு பங்கைக் கழித்துப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கழிக்காவிட்டால் ரத்தசோகை இருக்கிற சிலர் இல்லாதவர்களாகத் தெரிந்து ஆய்வுக்கு வெளியே போய்விடுவார்கள். குழுவில் இருந்த சமூக மருத்துவப் பேராசிரியர்தான் இதைச் சுட்டினார். ஒரே ஆளின் முன்பின் வித்தியாசத்துக்கு இது பாதகமில்லை, இரண்டு தடவையும் ஒரே அளவுதான் கழியும். ஆனால் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியில் சொட்டுக்குச் சொட்டு கொஞ்சம் மாறும் என்பதால், ஒரு கிராமாவது கூடியிருந்தால்தான் "ஏறியது" என்று வைத்துக்கொண்டோம். மூன்று கூட்டமும் அந்தக் கோட்டை வைத்துத்தான் பிரிகின்றன. கோடு ஆடினால் பேட்டிக்கு வருகிற ஆளே மாறிவிடுவார்.

ஏப்ரலில் முழு ஆய்வும் திரும்பி வந்தது. நேராக இணைப்பு அட்டவணையைத் தேடினேன். இடது பத்தியில் எண், நடுவில் பெண்கள் சொன்னது, வலது பத்தியில் "இரண்டையும் சேர்த்து நாம் சொல்வது". இந்த வலது பத்திதான் நீதிபதி. இரண்டாவது கூட்டத்தின் வரிசையை மட்டும் காட்டுகிறேன். இடதில்: காலி மாத்திரை அட்டைகளை எண்ணியதில் பத்தில் எட்டுக்கு மேல் சாப்பிட்டிருக்கிறார்கள், ஏற்றம் ஒரு கிராமுக்குக் கீழே. நடுவில் ஒரு அம்மா சொன்னது: "வெறும் வயித்துல போட்டா ஒமட்டுது கண்ணு. காலைல வேலைக்குப் போற அவசரத்துல சோறு எங்க? காப்பித்தண்ணியோட முழுங்கிட்டு ஓடறதுதான்." எட்டில் ஆறு பேர் ஏறக்குறைய இதையே சொல்லியிருந்தார்கள். வலதில் அவள் எழுதியிருந்தது: "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதும் இரும்பு உடம்பில் சேருவதும் வேறுவேறு. அட்டையை எண்ணினால் முதலாவது மட்டுமே தெரியும்."

காபியிலும் டீயிலும் இருக்கும் பொருள்கள் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும் என்பது நமக்கெல்லாம் பாடத்தில் தெரிந்ததுதான். அட்டை எண்ணிக்கை மட்டும் இருந்திருந்தால் "மாத்திரை வேலை செய்யவில்லை" என்று முடிந்திருக்கும். பேட்டி மட்டும் இருந்திருந்தால் காபியோடு விழுங்குவது ஒரு பழக்கம் என்று பதிவாகி, அதனால் என்ன என்பதே தெரியாமல் போயிருக்கும். வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட கேள்வியை இந்த அட்டவணையிடம் கேட்டேன். பேட்டியைக் கிழித்தால் அந்த வலது கட்டம் காலியாகிறது. எண்ணைக் கிழித்தாலும் காலியாகிறது.

ஆனால் கையெழுத்துப் போடவில்லை. முடிவுரையில் "காபியே காரணம்" என்று எழுதியிருந்தாள். அட்டவணையின் முதல் வரிசையைப் பார்க்கச் சொன்னேன். ஏறிய எட்டுப் பேரிலும் மூன்று பேர் காபியோடுதான் விழுங்கியிருந்தார்கள். அதை அவள் ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தாள். "ஆறுக்கு மூணு, ரெண்டு மடங்கு மேடம்" என்றாள். எட்டெட்டாகப் பொறுக்கி எடுத்த ஆட்களை வைத்து மடங்கு கணக்கெல்லாம் போட முடியாதும்மா என்றேன். பேட்டி ஒரு சந்தேகத்தைக் கொடுத்திருக்கிறது, அது உண்மையா என்று சொல்ல வேண்டியது திரும்பவும் எண்தான். ஆளுக்கு ஒரே கேள்வியாக, 160 பேரிடமும் மாத்திரையை எதனுடன் விழுங்கினீர்கள் என்று கேட்கச் சொன்னேன். கேள்வியை அவர்களுக்குத் தெரிந்த நர்ஸ் கேட்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டேன். பேட்டியிலேயே ஒருத்தி சொல்லியிருந்தாள், "நர்ஸம்மா கேட்டா சரியாத்தான் போடறேன்னு சொல்லுவோம்" என்று.

மூன்று ஞாயிறு மறுபடி மலை ஏறினாள். 160 பேரில் 13 பேர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். மீதிப் பேரில் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்ததில், காபியோடு விழுங்கியவர்களுக்கு ஏற்றம் குறைவு என்கிற சாய்வு தெரிந்தது. மாதக்கணக்கில் பின்னால் போய் நினைவிலிருந்து சொன்ன பதில்கள் என்பதால் "காரணம்" என்பது "ஒரு காரணமாக இருக்கலாம்" என்றானது.

இரண்டாம் கூட்டத்தில் மிச்சம் இரண்டு பேர் இருந்தார்கள். காபி குடிக்காதவர்கள், சோறு சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டவர்கள், அப்படியும் ஏறவில்லை. கொக்கிப்புழுவாக இருக்கலாம், மாதவிடாயில் அதிகம் போகிறதாக இருக்கலாம், அவள் இரண்டையும் சோதிக்கவில்லை. வழிகாட்டி ஆசிரியர் அந்த இருவருக்கான வரிசையை எடுத்துவிடலாம், அட்டவணை சுத்தமாக இருக்கும் என்று சொன்னாராம். என்ன செய்வது என்று கேட்டு வந்து நின்றாள். இருக்கட்டும், வலது கட்டத்தில் "இந்த ஆய்வில் விளக்க முடியவில்லை" என்று எழுது, கீழே எந்தச் சோதனை செய்யவில்லை என்றும் எழுது என்றேன். எழுதிக்கொண்டு வந்தாள். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.